அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

வரலாற்றுத் துறையில் அவளுக்குத் தேதி மேடம் என்று பட்டப்பெயர். மாணவர்கள் வைத்தது. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிப்பதற்கு முன்னால் நான்கு கேள்வி கேட்பாள். இது யார் எழுதினது? எப்போ எழுதினது? யார் படிக்கணும்னு எழுதினது? எழுதினவர் எந்தப் பக்கம் சாய்ஞ்சு நின்னு எழுதினார்? "மேடம், பிரின்சிபால் உங்களைக் கூப்பிடுறார்" என்று ஒருவன் வந்து சொன்னால்கூட, "நீயே கேட்டியா, யாராவது சொன்னாங்களா?" என்பாள். இருபத்தாறு வருடமாக முதுகலை மாணவர்களுக்கு மூல ஆவணங்களைச் சோதிக்கும் பாடத்தை அவள்தான் எடுத்து வந்தாள்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு புத்தகம். 'நாலாம் வார்டின் நாட்குறிப்பு.' எழுதியது அவளுடைய அம்மா. பதிப்பித்து, முன்னுரையும் அடிக்குறிப்பும் சேர்த்தது அவள். ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரில் வெள்ளம் வந்து, வெள்ளத்தின் பின்னாலேயே காலரா வந்தது. அரசு மருத்துவமனையின் தொற்று வார்டில் இருபத்தாறு பேர் கிடந்தார்கள். பெரிய டாக்டர் வெளியே முகாமில் மாட்டிக்கொண்டார். ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. நிவாரணக் குழு வந்து சேர மூன்று முழு நாள் ஆனது. அதற்குள் இருபத்திரண்டு பேர் போய்விட்டார்கள். அந்த மூன்று நாளும் தனி ஆளாக வார்டில் நின்ற நர்ஸ்தான் அம்மா. கூட இருந்த இன்னொரு நர்ஸ் முதல் நாள் சாயங்காலமே ஓடிவிட்டாள் என்று நாட்குறிப்பு சொன்னது.

அம்மா இறந்த பிறகு பீரோவில் கிடைத்த நோட்டு அது. அம்மா இறந்து இரண்டாம் வருடம் புத்தகம் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் ஆறு பதிப்பு. ஒன்பதாம் வகுப்புத் துணைப்பாடத்தில் நாலு பக்கம் சேர்த்திருந்தார்கள். மருத்துவமனையின் நூறாவது ஆண்டுக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப்போவதாகவும், அதில் அம்மாவின் பெயர் முதலில் வரும் என்றும் கடிதம் வந்திருந்தது.

அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக் அவளைத் தேடி வந்தார்.

ஐம்பதை நெருங்கும் மனிதர். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். துறை அறையின் வாசலில் நின்று, "நீங்கதானே மேடம் அந்தப் புத்தகம் போட்டது?" என்றார்.

"ஆமா. உட்காருங்க."

உட்காரவில்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்துக் குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கம் தானாகவே திறந்துகொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தது. அடிக்குறிப்பு நாற்பத்தொன்று. நாட்குறிப்பில் ஓடிப்போன நர்ஸின் பெயர் பாதியாகத்தான் இருந்தது. மீதியைத் தேடி, பணியாளர் பட்டியலைப் பார்த்து, முழுப்பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், வேலையில் சேர்ந்த தேதி எல்லாவற்றையும் அடிக்குறிப்பில் போட்டது தேதி மேடம்தான். அப்போது அதற்கு ஒரு மதிப்புரையில் தனியாகப் பாராட்டு வந்தது.

"இது எங்க அம்மா" என்றார் மெக்கானிக். "உயிரோட இருக்காங்க. எழுபத்தேழு வயசு. என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. கிளாஸ்ல இந்தப் பாடத்தைச் சத்தமா வாசிக்கச் சொல்லியிருக்காங்க. அவ முறை வந்தப்போ இந்தப் பேரு வந்திருக்கு. ஊர்ப் பேரும். பக்கத்துல இருந்தவளுக்கு எங்க வீட்டு ஊரு தெரியும். அப்புறம் சொல்லணுமா?"

அவள் அடிக்குறிப்பை மறுபடி படித்தாள்.

"எங்க அம்மா ஓடல மேடம். அந்த மூணு நாளும் அவங்களே காலரா வந்து அதே ஆஸ்பத்திரியில பெண்கள் வார்டுல கிடந்தாங்க. இதோ கார்டு."

பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த டிஸ்சார்ஜ் கார்டு. அவள் வாங்கினாள். பழக்கதோஷம், கை தானாக ஜன்னல் பக்கம் போனது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். சேர்ந்த தேதி 11 என்று இருந்தது. இரண்டாவது ஒன்றின் தலைக்குப் பக்கத்தில் காகிதம் மெலிந்து, வெளிச்சம் அதன் வழியே கூடுதலாக வந்தது.

"இங்க பாருங்க" என்றாள். "பிளேடால சுரண்டியிருக்கு. இது பதினொண்ணு இல்ல. பதினேழு. ஏழோட மேல்கோட்டை எடுத்திருக்காங்க. அந்த மூணு நாள் பன்னிரண்டு, பதின்மூணு, பதினாலு."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். மறுக்கவில்லை. நுணுக்கமான பொருட்களோடு வேலை செய்கிற கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது.

"சரி மேடம். எங்க அம்மா கார்டை வாங்கின உடனே வெளிச்சத்துல பிடிச்சீங்க. உங்க அம்மா நோட்டை எப்பவாவது இப்படிப் பிடிச்சுப் பார்த்தீங்களா?"

கேட்டது கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. தேதி மேடம் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பார்க்கிறேன்" என்றாள் கடைசியில். "எது வந்தாலும் உங்ககிட்ட சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பீரோவைத் திறந்தாள். பன்னிரண்டு வருடமாக அவள் வேலை செய்ததெல்லாம் நகல்களை வைத்துத்தான். நகல் எடுத்த கடைக்காரன் எழுத்திருக்கும் பக்கங்களை மட்டும் எடுத்திருந்தான். அட்டையை யாரும் எடுக்கவில்லை. எடு என்று அவளும் சொல்லவில்லை.

நோட்டைத் திருப்பினாள். பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர், தொலைபேசி எண். ஆறு இலக்கம்.

வெள்ளம் வந்த வருடம் அந்த ஊரில் தொலைபேசி எண்ணுக்கு நாலு இலக்கம்தான். ஆறு இலக்கமானது ஒன்பது வருடம் கழித்து. இது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். பழைய கடைக் காகிதங்களின் வயதைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு அவள் முதலில் சொல்லித்தரும் வழியே அதுதான்.

உடனே தீர்ப்பு சொல்லிவிடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழைய நோட்டு நைந்துபோய், பின்னால் புது நோட்டில் பார்த்து எழுதியிருக்கலாம். காகிதத்தின் வயது வேறு, வாசகத்தின் வயது வேறு. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். அம்மாவின் நோட்டாக இல்லாமல், யாரோ முன்பின் தெரியாத நர்ஸின் நோட்டாக.

முதல் வரியே, 'முதல் நாள்.' அது மூன்று நாளைக்கு நீளும் என்று தெரியாதவர் எப்படி அதை முதல் நாள் என்று எழுதுவார்?

'நாலாம் வார்டு.' அதற்கு எப்போது நாலாம் எண் வந்தது? தெரியவில்லை, பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்தாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. இருபது முறையாவது படித்திருப்பாள். 'சலைன் என்பது உப்பும் சுத்தமான தண்ணீரும். ஊசி வழியாக உடம்புக்குள் போகும். அது இருந்தால் காலரா வந்தவர் பிழைத்துக்கொள்வார்.'

ஒரு நர்ஸ் தன் சொந்த நாட்குறிப்பில் தனக்கே சலைன் என்றால் என்ன என்று ஏன் விளக்க வேண்டும்? இது வேறு யாரோ படிக்க எழுதியது. சலைன் தெரியாத யாரோ. 'படிக்கட்டுக்குப் பக்கத்து அறை, அங்கேதான் மருந்து இருக்கும்' என்று மருத்துவமனையைப் பார்த்தே இராத யாரோ. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருந்தன. குழந்தைக்குச் சொல்வதுபோல.

நோட்டு எழுதப்பட்டது வெள்ளத்துக்கு ஒன்பது, பத்து வருடம் கழித்து என்றால், அப்போது அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த குழந்தை ஒன்றுதான். தம்பிக்கு ஒரு வயதுகூட இருந்திருக்காது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டால் தொட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை. மதியம் நாற்பது விடைத்தாள் திருத்தினாள். மூன்று பேருக்கு மதிப்பெண் கூட்டலில் தவறு விட்டு, மறுபடி கூட்டினாள்.

அடுத்த வாரம் மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமுக்குப் போனாள். அங்கே இருந்த காப்பாளருக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. "அம்மா புத்தகத்துக்கு ஏழாம் பதிப்பா?" என்று சிரித்தார். "ஆமா, கொஞ்சம் திருத்தம்" என்றாள்.

வார்டுகளுக்கு எண் போட்ட சுற்றறிக்கை கிடைத்தது. வெள்ளத்துக்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. அதுவரை அது வெறும் தொற்று வார்டு. ஆக, பழைய நோட்டைப் பார்த்து எழுதிய வெறும் நகல் என்றும் சொல்ல முடியாது.

டூட்டி ரெஜிஸ்டரை எடுத்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, மூன்று தேதியிலும் இரண்டு நர்ஸும் வந்ததாகவே இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதைப் பார்த்தபோது, 'நிர்வாகம் உண்மையை மறைக்க முயன்றது' என்று முன்னுரையில் எழுதியிருந்தாள். அது என்னவோ சரிதான். மூன்று நாளும் ஒரே மை, ஒரே சாய்வு, பேனா ஒரே இடத்தில் திக்கியிருந்தது. யாரோ ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியது. சாவுகளைப் பற்றி நடந்த விசாரணைக்கு முன்னால் தயாரித்தது. பொய் என்று தெரிந்தே அதை ஒதுக்கியவள், அதற்கு எதிராக இருந்ததாலேயே அம்மாவின் நோட்டை உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் பொய்யாக இருக்க முடியும் என்று அப்போது தோன்றவே இல்லை.

"வேற என்ன இருக்கு அந்த வருஷத்துல?"

"வேற என்ன? லாண்டரி லிஸ்ட் கரையான் தின்னுடுச்சு. சமையலறை டயட் ஷீட் இருக்கு. அதை யார் பார்க்கப் போறா?"

"நான் பார்க்கிறேன்."

வகுப்பில் அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. வரலாற்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதியதைவிட, அப்படி ஒரு நினைப்பே இல்லாமல் எழுதிய காகிதத்தை நம்பு. டயட் ஷீட் அந்த ரகம். ஒவ்வொரு சாயங்காலமும் சமையல்காரர் வார்டு வார்டாகப் பாலும் ரொட்டியும் கொண்டுபோவார். வாங்கிக்கொண்ட நர்ஸ் சுருக்கமாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினொன்றாம் தேதி, தொற்று வார்டு, இருபத்தாறு. அம்மாவின் கையெழுத்து. அந்த வளைவை அவள் தன்னுடைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளில் பார்த்து வளர்ந்தவள்.

பன்னிரண்டாம் தேதி. 'அனுப்பியது 26. திரும்பியது 26. வாங்க ஆள் இல்லை.'

பதின்மூன்று. அதே. பதினான்கு. அதே. ஒவ்வொன்றுக்கும் கீழே சமையல்காரர் கையெழுத்து, திரும்ப வாங்கிக்கொண்ட ஸ்டோர்கீப்பர் கையெழுத்து. மூன்று நாளும் மை வேறு வேறு. ஒரு நாள் பென்சில்.

அவள் இந்தக் காகிதத்தையும் விடவில்லை. சமையல்காரர் பொய் எழுதியிருக்கலாமா? ரொட்டியைத் தான் வைத்துக்கொள்ள நினைத்திருந்தால் 'கொடுத்தாச்சு' என்றுதான் எழுதியிருப்பார். திரும்பியது என்று எழுதினால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், இன்னொருவர் எண்ணி வாங்க வேண்டும். இந்தப் பொய்யால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. சரி, அவர் வார்டு வாசலோடு நின்றிருக்கலாம், உள்ளே நர்ஸ் ஒருத்தி எழுந்து வர முடியாத நிலையில் இருந்திருக்கலாம். ஒரு நாள் அப்படி நடக்கலாம். மூன்று நாளுமா? குறிப்பேட்டில் எழுதினாள்: 'வாசலுக்கு யாரும் வரவில்லை என்பது மட்டும் உறுதி. உள்ளே யாரும் இல்லை என்பது அனுமானம்.'

எழுதிவிட்டு, டயட் ஷீட்டைக் கட்டி, முடிச்சுப் போட்டு, அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தாள். "கிடைச்சுதா?" என்றார் காப்பாளர். "கிடைச்சுது" என்றாள். வெளியே வந்து பஸ்ஸில் தவறான நிறுத்தத்தில் இறங்கி நடந்து போனாள்.

பிழைத்த நாலு பேரையும் நிவாரணக் குழு வேறு ஊருக்குக் கொண்டுபோனது. அவர்களிடம் யாரும் எதையும் கேட்டு எழுதி வைக்கவில்லை. உயிரோடு இருக்கும் சாட்சி இப்போது ஒருவர்தான்.

மெக்கானிக்குக்கு போன் செய்தாள். "உங்க அம்மாகிட்ட பேசலாமா?"

"எங்க அம்மாவுக்குப் புத்தகத்தைப் பத்தி எதுவும் தெரியாது மேடம். நாங்க சொல்லல."

"சொல்லிட்டுக் கூப்பிடுங்க. தெரியாம வச்சுக் கேட்டா அது நியாயமில்ல."

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "சொல்லிட்டேன். வரச் சொல்றாங்க."

மூன்றாம் மாடி. அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் வேலை செய்யவில்லை. "ஊர் லிஃப்ட்டெல்லாம் பார்க்கிறேன், எங்க வீட்டு லிஃப்ட்டுக்குப் பார்ட் வரல" என்று மெக்கானிக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியேறினார். முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். காது கூர்மை. கண்ணில் புரை எடுத்த பிறகு போட்ட கண்ணாடி. தேதி மேடத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அவ மகளா நீ? மூக்கு அப்படியே அவ மூக்கு. உட்காரும்மா."

அவள் ரெக்கார்டரைக் காட்டினாள். "இதுல பதிவு பண்ணலாமா? நீங்க வேண்டாம்னு சொன்னா நிறுத்திடுவேன். பிறகு எப்போ வேண்டாம்னு சொன்னாலும் அழிச்சிடுவேன்."

"ஓடட்டும்."

டயட் ஷீட் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மெக்கானிக்கிடமும்கூட. தான் கண்டதைச் சொல்லிவிட்டுக் கேட்டால், கேட்டதே பதிலாகத் திரும்பி வரும். அதனால் பொதுவாகத்தான் தொடங்கினாள்.

"பதினோராந் தேதி என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்கம்மா."

"தேதியெல்லாம் எனக்குத் தெரியாது. சலைன் பாட்டில் தீர்ந்துபோன அன்னிக்கு. மத்தியானம் ரெண்டு பாட்டில் மிச்சம். இருபத்தாறு கட்டில். எந்தக் கட்டிலுக்கு ஏத்தறதுன்னு நானும் அவளும் மருந்து ரூம்ல நின்னு பேசினோம். சின்னப் புள்ளைங்க ரெண்டுக்கு ஏத்தினோம். அதுக்கப்புறம் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. துணிதான் இருந்துச்சு, துடைக்க."

"அப்புறம்?"

"சாயங்காலம் பால் ரொட்டி வந்துச்சு. அவ கையெழுத்துப் போட்டா, நான் வாளியைத் தூக்கிட்டு உள்ள போனேன். யார் சாப்பிடுறா? வச்சுட்டு வெளியே வந்தோம். நல்ல மழை. பின்பக்கத்து ரோட்ல லாரி நின்னுச்சு, ஆளுங்களை ஏத்திக்கிட்டு. வெங்காய மூட்டை மேல உட்கார்ந்து போனோம்."

மெக்கானிக் கதவோரம் நின்றிருந்தார். "போனோம்னா? யாரும்மா போனது?"

"நாங்கதான். ரெண்டு பேரும்."

மெக்கானிக் கதவை விட்டு உள்ளே வந்தார்.

"அவ எழுதினதை நீ சொன்னப்போ எனக்குக் கோபமே வரலடா" என்றார் அந்த அம்மா மகனைப் பார்த்து. "எண்ணிக்கையில மட்டும்தான் தப்பு. ஒருத்தி இல்ல, ரெண்டு பேர்."

"அப்போ அந்தக் கார்டு?"

"உன் தாத்தா பண்ணின வேலை. எனக்கு வேலை போயிடக் கூடாதுன்னு பிளேடு போட்டுச் சுரண்டினார். எனக்குக் காலரா வந்தது நிஜம். அதுக்கப்புறம் வந்துச்சு. அந்தக் கார்டை எங்கேயும் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வரல. மெஷின் வாங்கித் தைக்க ஆரம்பிச்சேன்."

தேதி மேடத்தின் உள்ளே ஏதோ ஒன்று தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கையெழுத்து அம்மாவுடையது, பொருந்துகிறது. மறுநாளிலிருந்து வாங்க ஆள் இல்லை, பொருந்துகிறது. இந்தச் சாட்சிக்கு டயட் ஷீட் தெரியாது, டயட் ஷீட்டுக்கு இந்தச் சாட்சி தெரியாது. ஐம்பத்திரண்டு வருடத்து ஞாபகம் என்பதால் சின்ன விவரங்களில் நழுவலாம். பழியைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆசை இருக்கலாம். ஆனால் தன்னைக் காப்பாற்றக்கூடிய கார்டையே பொய் என்று சொல்பவர், மகன் முன்னால் சொல்பவர். எடை போட்டுக்கொண்டே இருந்தாள். எடை போடுவது நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க அம்மா திரும்ப எப்போ போனாங்க?"

"நிவாரண ஆளுங்க வந்தாங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கே போயிட்டா. என்னையும் கூப்பிட்டா. நான் போகல. உள்ள என்ன கிடக்கும்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிஞ்சே போனா. அதையும் எழுதிக்கோ. ஓடினதை எழுதினா, திரும்பிப் போனதையும் எழுதணும்."

எழுதிக்கொண்டாள்.

கீழே இறங்கும்போது மெக்கானிக் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். "இதை அப்படியே போடணுமா மேடம்? நான் பேரைத் துடைக்கத்தான் வந்தேன். இப்போ அவங்க வாயாலயே..."

"பாடத்துல இருந்து பேரை எடுக்கச் சொல்லிடறேன். அது நான் பண்ணின தப்பு. ஒரு நோட்டை நம்பி ஒரு ஆளோட ஊரு வரைக்கும் போட்டேன். ஆனா இந்தப் பதிவு அவங்களோடது. அவங்க வேண்டாம்னா போட மாட்டேன். நீங்களோ நானோ முடிவு பண்றது இல்ல."

"வேண்டாம்னு அவங்க சொல்ல மாட்டாங்க" என்றார். "அதான் பிரச்சினை." மேலே ஏறிப் போனார். இரண்டு வாரம் கழித்து ஒப்புதல் கடிதம் தபாலில் வந்தது. அந்த அம்மாவின் கையெழுத்து. சாட்சி என்ற இடத்தில் மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

தம்பி மருந்துக்கடை வைத்திருந்தான். அவள் எழுதிய நாலு பக்க அறிக்கையைக் கவுண்டரில் நின்றபடியே படித்தான். நடுவில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தான்.

"அம்மா செத்து பதினாலு வருஷம் ஆச்சு. இப்போ போஸ்ட்மார்ட்டம் பண்றியா?"

"நான்தான்டா புத்தகம் போட்டேன். நான்தான் திருத்தணும்."

"நீ போட்டே. அம்மா போடச் சொன்னாங்களா? பீரோவுல கிடந்ததை எடுத்து ஊருக்கு வாசிச்சுக் காட்டினது நீ. இப்போ பொய்யின்னு ஊருக்குச் சொல்லப் போறதும் நீ. ரெண்டுலயும் உனக்குப் பேரு. அவங்களுக்கு?"

அது சரியான கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. அவளுடைய வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் பாராட்டியிருப்பாள். தம்பி அறிக்கையை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

நினைவுக்கல் கமிட்டியில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நெற்றியைத் தேய்த்தார். "மேடம், பேப்பர்ல எல்லாம் வந்தாச்சு. கல்லு வெட்டக் கொடுத்தாச்சு. இதெல்லாம் யாருக்கு வேணும்?"

"கல்லை யார் படிக்கப் போறாங்களோ அவங்களுக்கு."

"அப்போ என்னதான் போடச் சொல்றீங்க? வெத்துக் கல்லா வைக்கிறதா?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. மெக்கானிக்கின் அம்மாவைப் போனில் கேட்டாள். "என் பேரும் வேண்டாம், அவ பேரும் வேண்டாம்" என்றார் அவர். "உள்ள கிடந்தவங்க பேரைப் போடுங்க."

இறந்தவர்களின் பட்டியல் எங்கும் தனியாக இல்லை. ஆனால் நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தில் அம்மா ஒரு பட்டியல் எழுதியிருந்தார். கட்டில் எண், பெயர், பக்கத்தில் ஒரு குறிப்பு. இரண்டாம் கட்டில், தபால்காரர், கால் மிகவும் நீளம். ஒன்பது, டைப்பிங் பள்ளி டீச்சர். பத்தொன்பது, கல்யாணமாகி ஆறு மாதப் பெண், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதிப்பில் அதை இணைப்பாகச் சேர்த்திருந்தாள், சரிபார்க்காமல். பொய்யான நோட்டின் பட்டியலைக் கல்லில் வெட்ட முடியாது. மறுபடி ரெக்கார்டு ரூமுக்குப் போனாள்.

அட்மிஷன் ரெஜிஸ்டர் நம்பத்தகுந்தது. ஆள் வர வர எழுதியது, நாலைந்து கை, நாலைந்து மை, அவசரத்தில் சிந்திய கறை. அதில் விரலை வைத்து, நோட்டில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று சரி. இரண்டு சரி. பத்து வரை சரி. பதினாறும் பதினேழும் இடம் மாறியிருந்தன. மற்றதெல்லாம் சரி. இருபத்தாறு பெயர்.

இந்த ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதியிருக்கலாமே என்று உடனே தோன்றியது. ரெஜிஸ்டர் அட்டையின் உள்பக்கத்தில் முத்திரைகள் இருந்தன. வெள்ளத்துக்கு அடுத்த மாதம் விசாரணைக்காகத் தலைமை அலுவலகத்துக்குப் போன ரெஜிஸ்டர், முப்பது வருடம் கழித்துத்தான் திரும்பி வந்திருக்கிறது. காப்பாளரைக் கேட்டாள். "ஆமா, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வந்துச்சு, நான்தான் வாங்கி வச்சேன்" என்றார்.

அப்படியானால் அம்மா இதைப் பார்க்கவில்லை. பத்து வருடம் கழித்து, வீட்டில் உட்கார்ந்து, வாய்ப்பாடு போட்ட நோட்டில், ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். வேறெந்தப் பக்கத்தில் என்ன கூட்டிக் குறைத்திருந்தாலும் இந்தப் பக்கத்தில் யாரையும் விடவில்லை. பிழைத்த நாலு பேருக்கு நேரே மட்டும் சின்னதாக ஒரு புள்ளி. ரெஜிஸ்டரில் 'வேறு ஊருக்கு அனுப்பியது' என்று இருந்ததும் அதே நாலு பேருக்குத்தான்.

அவள் விரலைப் பத்தொன்பதில் வைத்தபடி இருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் புள்ளி இல்லை. காப்பாளர் வந்து, "பூட்டணும் மேடம்" என்றார். ஒரு தடவை சொன்னது கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

கல்லில் இருபத்திரண்டு பெயர் வந்தது. துணைப்பாடத்திலிருந்து அந்த நாலு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். புதிய பதிப்பு மெல்லிய புத்தகமாக வந்தது. அட்டையில் நாட்குறிப்பு என்ற சொல் இல்லை. 'நினைவிலிருந்து எழுதியது, ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கழித்து' என்று இருந்தது. டயட் ஷீட்டின் மூன்று படங்கள், அந்த அம்மாவின் பேச்சு முழுவதும் அப்படியே. முன்னுரையில் தன் பழைய முன்னுரை எங்கெங்கே, ஏன் தவறு என்று எழுதியிருந்தாள். பதிப்பாசிரியர் எழுதியவரின் மகள் என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும் என்றும் எழுதினாள். முந்தைய ஆறு பதிப்பிலும் அந்த வரி இல்லை.

மதிப்புரை ஒன்றிரண்டு வந்தது. துறையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டப்பெயரைச் சொல்வதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தம்பி கூப்பிட்டான். ஐந்து மாதத்துக்குப் பிறகு. ஹலோ என்று சொல்லவில்லை.

"புக்கை வாங்கிப் படிச்சேன்."

"ம்."

"லாரின்னு போட்டிருக்கே. நல்ல மழைன்னும் போட்டிருக்கே."

"ஆமா. அந்த அம்மா சொன்னது."

போனில் மருந்துக்கடையின் சத்தம் கேட்டது. யாரோ மாத்திரை அட்டையைக் கத்தரித்தார்கள்.

"அக்கா, அன்னிக்கு அம்மா நனைஞ்சுதான் வீட்டுக்கு வந்திருப்பாங்க இல்ல? யாராவது கதவைத் திறந்து, துண்டு கிண்டு கொடுத்திருப்பாங்களா?"

அவள் யோசித்தாள். நோட்டில் அந்தப் பக்கம் வரவே இல்லை. அந்த அம்மா லாரியிலிருந்து முன்னாலேயே இறங்கிவிட்டதாகச் சொன்னார். அப்பா, அப்பாவின் கூடப் பிறந்தவர்கள், பக்கத்து வீட்டார், கேட்பதற்கு யாரும் மிச்சமில்லை.

"தெரியலடா" என்றாள். "அது எதுலயும் இல்ல."

தம்பி போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.